தூண் எந்தப் பாரத்தில் நெளியும்? ஐகன் மதிப்புக் கணக்காகப் போட்டுப் பார்க்கும் முறை

மெல்லிய தூண் ஒன்றின் தலையில் பாரத்தை மெல்ல மெல்ல ஏற்றினால், ஒரு கட்டம் வரை அது நேராகவே நிற்கும். அந்தக் கட்டத்தைத் தாண்டியதும் பக்கவாட்டில் வளைந்துவிடும். பொருள் நசுங்கியதாலோ உடைந்ததாலோ வருவதல்ல இது. நேராக நிற்கும் நிலை நிலைப்புத்தன்மையை இழந்துவிடுவதால் வருவது. இதைத்தான் நெளிவு, பட்டறைப் பேச்சில் பக்லிங், என்கிறோம். அது நிகழக்கூடிய மிகக் குறைந்த பாரத்தைக் கண்டுபிடிப்பதுதான் இங்கே வேலை.

ஆய்லர் சூத்திரத்தில் எண்களைப் போட்டால் ஒரே வரியில் விடை வந்துவிடுமே என்று கேட்கலாம். இரு முனையும் கீலாக, குறுக்குவெட்டு முழுக்க ஒரே மாதிரியாக இருந்தால் வரும். நடுவில் தடிமன் மாறினாலோ இடையில் ஒரு தாங்கல் வந்தாலோ சூத்திரம் கைவிட்டுவிடும்; தூணைத் துண்டுகளாக்கி அணியாக எழுதும் முறை கைவிடாது. அதனால் விடை தெரிந்த எளிய தூணிலேயே அணி முறையைப் பழகிக்கொள்வது நல்லது. தவறு செய்தால் உடனே தெரிந்துவிடும்.

செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. முதல் ஐந்து படிகளுக்குக் காகிதமும் கால்குலேட்டரும் போதும், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆறாம் படியிலிருந்து பைத்தானும் அதன் நம்பை, சைபை நூலகங்களும் வேண்டும். மூன்றுமே இலவசம்.

1. நான்கு விவரங்களை அளந்து எழுதி வையுங்கள்

கணக்கில் இறங்கும் முன் ஒரு தாளில் நான்கு எண்கள் இருக்க வேண்டும்: யங் குணகம் E, நிலைமத் திருப்புத்திறன் I, நீளம் L, முனைகளின் வகை. நியூட்டன், மில்லிமீட்டர் என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு கடைசி வரை போங்கள். மீட்டரும் மில்லிமீட்டரும் கலந்தால் விடை ஆயிரம் மடங்கிலும் பத்து லட்சம் மடங்கிலும் பிசகும்.

நாம் எடுத்துக்கொள்வது 25 மி.மீ. வெளியளவும் 2 மி.மீ. தடிமனும் உள்ள எஃகுச் சதுரக் குழாய். நீளம் 2,000 மி.மீ., இரு முனையிலும் கீல்.

```
E = 200000 N/mm²
I = (25⁴ − 21⁴)/12 = 16345.33 mm⁴
EI = 3.269 × 10⁹ N·mm²
L = 2000 mm
```

மூலைகள் கூர்மையாக இருப்பதாக வைத்துப் போட்ட I இது. உண்மைக் குழாயின் மூலைகள் உருண்டிருக்கும் என்பதால் I சற்றுக் குறையும். அதைவிடப் பெரிய தவறு தடிமனில்தான் நேர்கிறது. 2 மி.மீ. என்று வாங்கிய குழாயின் சுவர் உண்மையில் 1.6 மி.மீ. இருந்தால் I 13,731 ஆகிவிடும், தூணின் தாங்குதிறனில் 16 சதவீதம் போய்விடும். வெட்டிய முனையில் வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள்.

சதுரக் குழாயில் எந்தப் பக்கம் பார்த்தாலும் I ஒன்றுதான். பட்டைக் கம்பியில் அப்படியில்லை. 50 × 6 பட்டைக்கு ஓர் அச்சில் I 62,500, மற்றதில் 900 மட்டுமே. தூண் நமக்குப் பிடித்த அச்சைப் பார்த்து வளையாது, மிக மெலிந்த பக்கமாகவே வளையும். ஆகவே இரண்டில் சிறிய I-யைத்தான் எடுக்க வேண்டும்.

நீளம் என்பது குழாயை வெட்டிய நீளம் அல்ல. ஒரு கீலின் மையத்திலிருந்து மறு கீலின் மையம் வரை உள்ள தூரம். பாரம் L²-ஆல் வகுபடுவதால், நீளத்தில் 2 சதவீதம் பிசகினால் விடையில் ஏறத்தாழ 4 சதவீதம் பிசகும்.

2. தூணைக் கட்டைகளாகவும் ஸ்பிரிங்குகளாகவும் மாற்றுங்கள்

உண்மைத் தூண் நீளம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வளைகிறது. நம் மாதிரியில் அதை n சமத் துண்டுகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு துண்டும் வளையவே வளையாத கட்டை. கட்டைகள் சேரும் இடங்களில் கீல் இருக்கிறது, ஒவ்வொரு கீலிலும் திருகலை எதிர்க்கும் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. வளைவு முழுவதும் இந்தக் கீல்களில் மட்டுமே நடக்கும். இதற்கு ஹென்கி சங்கிலி என்று பெயர்.

ஸ்பிரிங்கின் விறைப்பு எவ்வளவு என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு கீல், தன்னைச் சுற்றியுள்ள h நீளத் தூணின் வளைவுக்குப் பொறுப்பேற்கிறது; இரு பக்கத்துக் கட்டைகளிலும் பாதிப் பாதி. அந்த h நீளத்தில் திருப்புத்திறன் M இருந்தால் தூண் Mh/EI அளவு கோணம் திரும்பும். ஆகவே ஸ்பிரிங்கின் விறைப்பு

```
c = EI/h
```

நான்கு துண்டு என்றால் h = 500 மி.மீ., c ஏறத்தாழ 65.4 லட்சம் நியூட்டன்-மில்லிமீட்டர். ஒரு ரேடியன் கோணம் திருப்பத் தேவையான அளவு அது. c-க்கு EI/L என்று போட்டுவிட்டால் துண்டுகளைக் கூட்டக் கூட்டத் தூண் தொய்ந்துகொண்டே போகும், விடை எங்கும் நிலைகொள்ளாது. விடை நிலைகொள்ளவில்லை என்றால் முதலில் c-யைப் பாருங்கள்.

3. ஒரு கீலுக்குச் சமன்பாடு எழுதுங்கள்

இரு முனைகளையும் சேர்க்கும் நேர்க்கோட்டிலிருந்து i-ஆவது கீல் y_i தூரம் விலகியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பாரம் P அந்த நேர்க்கோட்டில் செயல்படுகிறது. ஆகவே அந்தக் கீலில் பாரம் உண்டாக்கும் திருப்புத்திறன் P·y_i.

அதை எதிர்ப்பது ஸ்பிரிங். முந்தைய கட்டையின் சாய்வு (y_i − y_(i−1))/h, அடுத்த கட்டையின் சாய்வு (y_(i+1) − y_i)/h. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே கீல் மடங்கிய கோணம். அதை c-ஆல் பெருக்கி P·y_i-க்குச் சமமாக்கினால்:

```
−y_(i−1) + 2y_i − y_(i+1) = λ y_i
λ = P h² / EI
```

இரு முனைக் கீல்களும் நகராததால் அங்கே y பூச்சியம். அவற்றை அணியில் சேர்க்கக் கூடாது. n துண்டுகளுக்கு n−1 உள் கீல்கள், எனவே அணியின் அளவு (n−1) × (n−1).

எல்லா y-யும் பூச்சியம் என்றால் சமன்பாடு எந்தப் பாரத்துக்கும் நிறைவேறும். நேராக நிற்கும் தூண் அது. வளைந்த நிலையிலும் சமநிலை இருக்க முடியுமா என்பதே நம் கேள்வி. அது குறிப்பிட்ட சில λ-களுக்கு மட்டும் முடியும். அவையே அணியின் ஐகன் மதிப்புகள். ஒவ்வொன்றுக்கும் உரிய ஐகன் வெக்டர், தூண் எந்த வடிவில் வளையும் என்பதைச் சொல்கிறது. பாரம் கீழிருந்து ஏறுவதால் தூண் முதலில் சந்திப்பது மிகச் சிறிய λ-வைத்தான்.

4. நான்கு துண்டுக் கணக்கைக் கையால் போடுங்கள்

n = 4 என்றால் உள் கீல்கள் மூன்று:

```
     2  −1   0
A = −1   2  −1
     0  −1   2
```

A − λI என்பதன் அணிக்கோவையைப் பூச்சியமாக்க வேண்டும். இங்கே I அலகு அணி, மேலே வந்த நிலைமத் திருப்புத்திறன் அல்ல, குழம்பாதீர்கள். விரித்தால்

```
(2 − λ) [ (2 − λ)² − 2 ] = 0
λ = 2 − √2,   2,   2 + √2
```

EI/h² = 13,076.3 நியூட்டன். சிறிய λ 0.5858 என்பதால் P = 7,660 நியூட்டன். ஆய்லர் சூத்திரம் தரும் விடை π²EI/L² = 8,066 நியூட்டன். மூன்றே கீல்களில் ஏறத்தாழ 5 சதவீத நெருக்கத்துக்கு வந்துவிட்டோம்.

இதற்குரிய ஐகன் வெக்டர் (1, √2, 1). நடுக்கீலை 1 என்று வைத்தால் ஓரக் கீல்கள் 0.707. அரை சைன் அலையின் வடிவம் அது. இந்த எண்கள் மில்லிமீட்டர் அல்ல. வெக்டரை எந்த எண்ணால் பெருக்கினாலும் சமன்பாடு நிறைவேறுவதால், வளைவின் வடிவம் மட்டுமே கிடைக்கும், அளவு கிடைக்காது. தூண் எத்தனை மில்லிமீட்டர் விலகும் என்பதை இந்தக் கணக்கில் தேடாதீர்கள்.

மற்ற இரண்டு மதிப்புகளையும் ஒரு கண் பார்த்துவிடுவோம். λ = 2 என்றால் வடிவம் (1, 0, −1), பாரம் 26,153 நியூட்டன். நடுக்கீல் நகரவே இல்லை, தூண் எஸ் வடிவில் வளைகிறது. வெறும் தூண் இந்தப் பாரம் வரை வந்து சேராது. ஆனால் நடுவில் பக்கவாட்டுத் தாங்கல் ஒன்றைக் கொடுத்துவிட்டால் முதல் வடிவம் அடைபட்டுப்போய், இதுவே முதல் நெளிவாகிவிடும். அதன் உண்மை மதிப்பு ஆய்லர் பாரத்தைப் போல 4 மடங்கு, 32,264 நியூட்டன். நம் மூன்று கீல் மாதிரி அதை 19 சதவீதம் குறைத்துக் காட்டுகிறது. மூன்றாவது மதிப்போ 44,645 என்கிறது, உண்மை 72,595. மேலே போகப் போக மாதிரி பிசகிக்கொண்டே போகும். முதல் மதிப்பு நன்றாக வந்ததை வைத்து மற்றவற்றை நம்பிவிடக் கூடாது.

5. அணி பெரிதானால்: தலைகீழ் மறுசெய்கை

ஐந்தாறு கீல்களுக்கு மேல் போனால் அணிக்கோவையை விரிப்பது வீண் வேலை. ஒரு வெக்டரை எடுத்து A-ஆல் திரும்பத் திரும்பப் பெருக்கினால் ஐகன் மதிப்பு வரும் என்று படித்திருப்பீர்கள். வரும், ஆனால் மிகப் பெரியது வரும். நமக்கு வேண்டியது மிகச் சிறியது. அதனால் A-யின் நேர்மாறால் பெருக்க வேண்டும். நேர்மாறின் மிகப் பெரிய மதிப்பைத் தலைகீழாக்கினால் A-யின் மிகச் சிறிய மதிப்பு.

```
            3  2  1
A⁻¹ = 1/4 × 2  4  2
            1  2  3
```

(1, 1, 1) என்று தொடங்குங்கள். பெருக்கினால் (1.5, 2, 1.5). இதில் பெரிய எண் 2, ஆகவே λ-வின் முதல் மதிப்பீடு 1/2 = 0.5. வெக்டரை 2-ஆல் வகுத்து (0.75, 1, 0.75) ஆக்குங்கள். மறுபடி பெருக்கினால் (1.25, 1.75, 1.25), λ = 0.5714. மூன்றாம் சுற்றில் 0.5833, நான்காவதில் 0.5854. உண்மை 0.5858. ஒவ்வொரு சுற்றிலும் பிழை ஆறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது.

இன்னும் வேகமாக வேண்டுமானால் ராலே ஈவைப் போடுங்கள். முதல் சுற்றில் கிடைத்த (0.75, 1, 0.75) என்ற வெக்டரை x என்று வைத்தால், xᵀAx என்பது அடுத்தடுத்த கீல்களின் வேறுபாடுகளின் வர்க்கங்களைக் கூட்டியது. முனைகளின் பூச்சியத்தையும் சேர்த்துக்கொண்டால் 0.75² + 0.25² + 0.25² + 0.75² = 1.25. xᵀx = 2.125. வகுத்தால் 0.5882. ஒரே சுற்றில் அரை சதவீதத்துக்குள் வந்துவிட்டது. வெக்டரில் உள்ள சிறு பிழை ஈவில் வர்க்கமாகச் சுருங்குவதே காரணம். இந்த மதிப்பு எப்போதும் சரியான λ-வுக்கு மேலேயே நிற்கும், கீழே இறங்காது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. (1, 0, −1) என்று தொடங்கிப் பாருங்கள். நேர்மாறால் பெருக்கினால் (0.5, 0, −0.5). வடிவம் மாறவே இல்லை, λ = 2 என்று முதல் சுற்றிலேயே நின்றுவிடும். பார்ப்பதற்கு அழகாகக் குவிந்த விடை. பாரமோ சரியானதைப் போல 3.4 மடங்கு! தொடக்க வெக்டரில் முதல் வடிவத்தின் சாயலே இல்லாததால், எத்தனை சுற்றுப் பெருக்கினாலும் அது உள்ளே வராது. கணினியில் போட்டால் இலக்கச் சுருக்கப் பிழை சில சமயம் காப்பாற்றும், அதை நம்பி இருக்க முடியாது. தூணின் வடிவம் முன்கூட்டித் தெரியாதபோது (1, 2, 4) போல எந்தச் சமச்சீரும் இல்லாத வெக்டரோடு தொடங்குங்கள். முடிவில் வந்த வடிவத்தையும் பாருங்கள். இரு முனையில் மட்டும் பிடித்த தூணின் முதல் நெளிவு வடிவம் குறி மாறாது. எல்லா எண்களும் ஒரே பக்கம் இருக்கும். நடுவில் குறி மாறினால் நீங்கள் இரண்டாவதைப் பிடித்திருக்கிறீர்கள்.

6. கணினியில் போடுங்கள்

```python
import numpy as np
from scipy.linalg import eigh_tridiagonal

E, I, L, n = 200000.0, 16345.33, 2000.0, 16
h = L / n
d = np.full(n - 1, 2.0)
e = np.full(n - 2, -1.0)
lam, vec = eigh_tridiagonal(d, e, select='i',
                            select_range=(0, 0))
print(lam[0] * E * I / h**2)
print(vec[:, 0])
```

8040.2 என்று வர வேண்டும். அணியில் மூன்று மூலைவிட்டங்களில் மட்டுமே எண்கள் இருப்பதால் முழு அணியையும் சேமிக்கத் தேவையில்லை. மிகச் சிறிய ஒன்றை மட்டும் கேட்பதால், ஆயிரம் துண்டு போட்டாலும் காத்திருக்க வேண்டியிருக்காது.

வெக்டரின் எண்கள் எல்லாம் எதிர்க்குறியோடு வந்தால் பதற வேண்டாம். தூண் இடப்பக்கமும் வளையலாம், வலப்பக்கமும் வளையலாம். குறி அதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை.

பொதுவான `numpy.linalg.eig` பயன்படுத்தினால் மதிப்புகள் வரிசைப்படி வராது. முதலில் நிற்பது சிறியதாக இருக்கும் என்று `[0]` போட்டு எடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. சமச்சீர் அணிக்கு `eigh` வகையே சரி. அது சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கித் தரும்.

7. துண்டுகளை இரட்டிப்பாக்கிச் சோதியுங்கள்

இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். கணினி கொடுத்த ஓர் எண்ணை மட்டும் பார்த்து அது சரியா என்று சொல்ல முடியாது. n-ஐ இரட்டிப்பாக்கிக்கொண்டே போய் விடை எப்படி நகர்கிறது என்று பாருங்கள்.

| துண்டுகள் | பாரம் (நியூட்டன்) | ஆய்லரிலிருந்து குறைவு |
|---|---|---|
| 2 | 6,538 | 1,528 |
| 4 | 7,660 | 406 |
| 8 | 7,963 | 103 |
| 16 | 8,040 | 26 |

ஒவ்வொரு முறையும் பிழை நான்கில் ஒரு பங்காகிறது. சரியாக எழுதிய நிரலின் அடையாளம் அது. நான்குக்குப் பதில் ஏறத்தாழ இரண்டில் ஒரு பங்காகவே குறைந்தால் முனைகளில் எங்கோ தவறு. உதாரணமாக, 16 துண்டுக்கு 15-க்குப் பதில் 16 வரிசை அணியைப் போட்டு, h-ஐ மட்டும் L/16 என்றே வைத்தால், தெரியாமலே தூணை ஒரு துண்டு நீட்டிவிடுகிறீர்கள். விடை 11 சதவீதம் குறையும். நிரல் எந்தப் பிழைச் செய்தியும் தராது, எண்ணும் நம்பும்படியாகவே இருக்கும். இரட்டிப்புச் சோதனைதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

பிழை இப்படி ஒழுங்காகக் குறைவதால் இன்னொரு ஆதாயமும் உண்டு. 4 துண்டு, 8 துண்டு விடைகளை (4 × 7,963 − 7,660)/3 என்று சேர்த்தால் 8,064 கிடைக்கும். ஆய்லர் விடையிலிருந்து 2 நியூட்டன்தான் வித்தியாசம். கையால் போட்ட கணக்கே 16 துண்டுக் கணினிக் கணக்கை முந்திவிடுகிறது.

கட்டை மாதிரி இங்கே உண்மைக்குக் கீழிருந்து ஏறி வருகிறது என்பதையும் கவனியுங்கள். வழக்கமான வரம்புறு உறுப்பு மென்பொருள்கள் மேலிருந்து இறங்கி வரும். இதே தூணை ஒரே உறுப்பாகப் போட்டால் அவை 12EI/L² என்று 22 சதவீதம் கூட்டிச் சொல்லும். இரண்டு உறுப்பாக்கினால் பிழை ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். மென்பொருள் விடையைக் கையால் போட்டதோடு ஒப்பிடும்போது இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றால் அது தவறல்ல.

8. அடி இறுகி, தலை சும்மா நிற்கும் தூண்

கொடிக்கம்பம் போல அடியை இறுகப் பற்றி, தலையை விட்டுவிட்ட தூணுக்கும் இதே அணி உதவும். விலகலை எங்கிருந்து அளக்கிறீர்கள் என்பதை மட்டும் மாற்ற வேண்டும். அடியிலிருந்து அளந்தால் சமன்பாட்டில் தலையின் விலகல் தனியாக வந்து நிற்கும், ஐகன் வடிவம் கெட்டுவிடும். தலை வழியாகப் போகும் பாரக் கோட்டிலிருந்து அளந்தால் தலையில் பூச்சியம், அடியில் சாய்வு பூச்சியம், சமன்பாடு பழையபடியே. இந்த விலகலை u என்று குறிப்போம், அடிக் கீலில் அது u₀.

அடிக் கீலின் ஸ்பிரிங்கில் கவனமாக இருங்கள். உள் கீல் ஒவ்வொன்றும் h நீளத்துக்குப் பொறுப்பு. அடிக் கீலுக்கு மேல்பக்கம் மட்டுமே தூண் இருப்பதால் அது h/2 நீளத்துக்குத்தான் பொறுப்பு. ஆகவே அதன் விறைப்பு EI/h அல்ல, 2EI/h. முதல் வரிசை இப்படி ஆகும்:

```
u₀ − u₁ = λ (1/2) u₀
```

வலப்பக்கம் அரை வந்துவிட்டதால் இது A u = λ D u என்ற பொதுவாக்கிய ஐகன் கணக்கு. D-யில் முதல் எண் 0.5, மற்ற மூலைவிட்ட எண்கள் எல்லாம் 1.

```python
from scipy.linalg import eigh
m = 8
h = L / m
A = 2*np.eye(m) - np.eye(m, k=1) - np.eye(m, k=-1)
D = np.eye(m)
A[0, 0] = 1.0
D[0, 0] = 0.5
lam = eigh(A, D, eigvals_only=True)
print(lam[0] * E * I / h**2)
```

2010.1 வரும். முன்பு 16 துண்டில் வந்த 8,040-இல் சரியாக நான்கில் ஒரு பங்கு. காரணம், இந்தத் தூண் இரு மடங்கு நீளமுள்ள கீல் தூணின் பாதி. அரையை மறந்துவிட்டு இரண்டே துண்டில் போட்டால் 1,249 வரும். அரையோடு போட்டால் 1,915. உண்மை 2,016.5.

தடிமன் மாறும் தூணுக்கும் இதே D பயன்படும். ஒவ்வொரு கீலிலும் உள்ள I-க்கு ஏற்ப h²/(E·I) மதிப்பை D-யின் மூலைவிட்டத்தில் வையுங்கள், `eigh` நேரடியாகவே P-யைத் தரும். வரிசைகளை வகுத்து ஒரே அணியாக்கப் பார்க்காதீர்கள். சமச்சீர் போய்விடும், `eigh` தவறான எண்ணைத் தரும்.

அடி இறுகி, தலை கீலில் நிற்கும் தூணுக்கு மட்டும் இந்த முறையைத் தொடவே வேண்டாம். அங்கே தலைக் கீல் பக்கவாட்டில் ஓர் எதிர்விசை தருகிறது. அதன் திருப்புத்திறன் நம் சமன்பாட்டில் இல்லை. தலையில் பூச்சியம், அடியில் சாய்வு பூச்சியம் என்று போட்டால், தலை சும்மா நிற்கும் தூணின் 2,016.5-ஐ நோக்கியே விடை போகும். உண்மையில் அது 20.19 EI/L², அதாவது 16,501 நியூட்டன். இதற்கு நான்காம் படி வகைக்கெழுச் சமன்பாட்டிலிருந்து வேறு அணிகள் எழுத வேண்டும்.

9. வந்த எண்ணை எந்த வரம்புக்குள் நம்புவது

ஐகன் கணக்குக்கு எஃகின் வலிமை தெரியாது. E மட்டுமே தெரியும். இதே குழாயை 600 மி.மீ. நீளத்துக்கு வெட்டினால் கணக்கு 89,623 நியூட்டன் என்கிறது. குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு 184 ச.மி.மீ. என்பதால் தகைவு 487 N/mm². சாதாரண எஃகு 250-லேயே நிரந்தரமாக மடங்கத் தொடங்கிவிடும்; 46,000 நியூட்டனிலேயே குழாய் போய்விடும். நெளிவுப் பாரம் கிடைத்ததும் அதைப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். 2 மீட்டர் குழாய்க்கு 44 N/mm² வருகிறது, கணக்குப் பொருந்தும். 250-ஐ நெருங்கினாலோ தாண்டினாலோ அந்த எண் பயன்படாது.

இரண்டாவது, நம் கணக்கில் தூண் அப்பழுக்கில்லாமல் நேராக இருக்கிறது. உண்மைக் குழாய் கொஞ்சமாவது கோணியிருக்கும். நடுவில் 4 மி.மீ. கோணல் என்று வைத்துக்கொண்டால், பாரம் ஏற ஏற அது 1/(1 − P/8066) மடங்கு பெருகும். 4,000 நியூட்டனில் கோணல் 8 மி.மீ. 7,000 நியூட்டனில் 30 மி.மீ.; நேர்த் தகைவையும் வளைவுத் தகைவையும் கூட்டினால் 200 N/mm². 7,200 நியூட்டனில் 244. அதாவது 8,066-ஐத் தொடுவதற்கு முன்பே, ஏறத்தாழ அதன் 90 சதவீதத்திலேயே, குழாய் மடங்கத் தொடங்கிவிடும். இது பாதுகாப்புக் காரணி எதையும் சேர்க்காத நிலை.

கட்டட வேலைக்கு என்றால் மெலிவு விகிதத்தையும் பார்த்துவிடுங்கள். இந்தக் குழாயின் சுழற்சி ஆரம் √(I/184) = 9.43 மி.மீ. என்பதால், 2 மீட்டருக்கு விகிதம் 212. நிலைப்பாரமும் இயங்குபாரமும் சுமக்கும் அழுத்த உறுப்புகளுக்கு இந்திய எஃகுக் கட்டுமான விதிநூலான ஐ.எஸ். 800 தரும் உச்ச வரம்பு 180. கீல் முனைகளோடு இந்தக் குழாயைப் பயன்படுத்த வேண்டுமானால் நீளத்தை 1,690 மி.மீ.-க்குள் வைக்க வேண்டும், அல்லது நடுவில் தாங்கல் கொடுக்க வேண்டும்.